"உறக்கம்" என்றால் யாருடைய உறக்கம்?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கைக்குழந்தை உள்ளவர்களும், கட்டார், சவூதி, துபாயில் இருந்து வீட்டுக்குக் கெமரா அனுப்பி வைத்த வாப்பாமாரும் பொறுமையாக வாசியுங்கள்.

முன்பெல்லாம் வெளிநாட்டுப் பார்சலில் பால்மா, பம்பர்ஸ், சோப்பு வரும். இப்போது அவற்றுக்கு நடுவில் உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளைக் கெமராவும் வருகிறது. பிள்ளை தூங்குவதைப் போனில் பார்க்கலாம், அழுதால் போன் சத்தம் போடும், தோஹாவில் இருக்கும் வாப்பாவும் பார்க்கலாம். வாங்கும்போது சொல்வது இவ்வளவும்தான். பெட்டியைத் திறந்தால் எழுத்தெல்லாம் சீனம். எப்பைப் போட்டால் அதுவும் சீனம், இல்லாவிட்டால் பாதி ஆங்கிலம். தமிழ் இருக்காது. ஓட்டமாவடி, மீராவோடைப் பக்கம் இந்தக் கெமராவை வைத்துக்கொண்டு முழிக்கின்ற தாய்மார் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அதனால் என் தங்கச்சி வீட்டில் நடந்ததை ஒழுங்காக எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

தங்கச்சிக்கு ஐந்து மாதக் குழந்தை. மச்சான் தோஹாவில். அவள் வீட்டு முன் விறாந்தையில் தையல் மெசின் வைத்துத் தைப்பவள். மெசின் ஓடும்போது உள்ளறையில் பிள்ளை சிணுங்குவது கேட்காது. அதற்காகத்தான் மச்சான் கெமரா வாங்கி, அங்கேயே ஒருமுறை போட்டுச் சரிபார்த்து, லீவில் வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பினார். ஒரு வாரம் கழித்து தங்கச்சி என்னைக் கூப்பிட்டாள்.

"ராத்தா, இது ராவைக்கு வேலை செய்யிதில்ல. பகலைக்கு நல்லா வேலை செய்யிது. ராவுல புள்ள அழுது உம்மாதான் எழும்பி வந்து என்னை எழுப்பிறாங்க. போன் சும்மா கெடக்கு."

"நேரம் போட்டிரிக்கியா?"

"போட்டிரிக்கன். புள்ள ஒம்பது மணிக்குத் தூங்கும், சுபஹுக்கு முழிக்கும். அந்த நேரத்தைத்தான் உறக்கம்டு இரிக்கிற இடத்துல போட்டன்."

இந்த இடத்தில்தான் முழு விசயமும் இருக்கிறது.

அந்தப் பக்கத்தில் இருந்த எழுத்து 定时休眠. போனில் மொழிபெயர்த்துப் பார்த்தால் "நேரம் குறித்த உறக்கம்" என்று வரும். ஆங்கிலத்துக்கு மாற்றினாலும் உறக்கம் என்றுதான் வரும். மொழிபெயர்ப்பில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அது பிள்ளையின் உறக்கம் அல்ல, கெமராவின் உறக்கம். அந்த நேரத்தில் கெமரா தன் கண்ணை மூடிக்கொள்ளும். படம் வராது, பதிவு நடக்காது, எச்சரிக்கையும் வராது. பிள்ளையைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று 9 மணியில் இருந்து 5 மணி வரை நேரம் போட்டவள், அந்த 8 மணித்தியாலமும் கெமராவை அணைத்து வைத்திருக்கிறாள்.

குழந்தைக்கென்றே செய்யப்பட்ட விலை கூடிய சில கெமராக்களில் உறக்கம் என்பது பிள்ளையின் உறக்கத்தையே குறிக்கும். எத்தனை மணிக்குத் தூங்கியது, எத்தனை தடவை முழித்தது என்று அவை பதிந்து காட்டும். நமது வீடுகளுக்கு வருபவை பெரும்பாலும் கடைக்கும் கேற்றுக்கும் வைக்கும் பொதுவான கெமராக்கள். அவற்றில் 休眠 என்று கண்டால் கெமரா தூங்குவது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவையான அட்டவணை வேறு பக்கத்தில் இருக்கும். அசைவு, சத்தம் என்பவற்றுக்கான எச்சரிக்கைப் பக்கத்துக்குள் "எந்த நேரத்தில்" என்று கேட்கும் இடம் அது.

கண்டுபிடிக்க இலகுவான வழி ஒன்று உண்டு. பிள்ளை தூங்கும் நேரத்தில் ஒருமுறை எப்பைத் திறந்து பாருங்கள். படம் வந்தால் கெமரா விழித்திருக்கிறது. கறுப்புத் திரையில் 休眠中 என்றோ, ஒரு பிறை அடையாளமோ வந்தால் அது தூங்குகிறது. தலை திரும்பும் மொடல்களில் சிலவற்றில் அந்த நேரம் லென்ஸ் உள்ளே சுழன்று மறைந்துகொள்ளும். போய்ப் பார்த்தாலே தெரியும்.

சொல்லைப் பெயர்த்தால் பொருளும் வந்துவிடும் என்று நம்புவதில் உள்ள ஆபத்து இதுதான். அதனால் தங்கச்சிக்கு நான் ஒரு வழக்கத்தைச் சொன்னேன். எந்த அமைப்பை மாற்றினாலும் அதன் பெயரை நம்பி விட்டுவிடக் கூடாது. மாற்றியவுடன் ஒருவர் கெமரா முன்னால் கையசைக்க வேண்டும், கை தட்ட வேண்டும். மற்றவர் வேறு அறையில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். போன் சொன்னால்தான் அந்த அமைப்பு இருக்கிறது.

மொழி வேறு, நாடு வேறு

எப் சீனத்தில் இருக்கிறது என்றதும் பலர் முதலில் செய்வது நாட்டை மாற்றுவது. சீனா என்று இருப்பதை இலங்கை என்று மாற்றினால் மொழியும் மாறும் என்று எண்ணுவார்கள். மாற்றியதும் கெமரா பட்டியலில் இருந்து காணாமல் போய்விடும். கெமரா பழுது என்று நினைத்து அலமாரியில் போட்டுவிடுவார்கள்.

நடப்பது என்னவென்றால், நாடு என்று அங்கே கேட்பது நாம் இருக்கும் இடத்தை அல்ல. நமது கணக்கும் கெமராவும் எந்தச் சேர்வரில் பதிவாக வேண்டும் என்பதைக் கேட்கிறது. சீனச் சந்தைக்கென்று விற்கப்படும் பல கெமராக்கள் சீனச் சேர்வருடன் மட்டுமே பேசும். நாட்டை மாற்றினால் நாம் வேறு ஒரு வீட்டுக்குள் போய்க் கெமராவைத் தேடுகிறோம் என்று அர்த்தம். திரும்பச் சீனாவுக்கு மாற்றினால் கெமரா வந்துவிடும். பெட்டியில் ஆங்கிலம் ஒரு வரி கூட இல்லாமல் முழுக்கச் சீனம் என்றால் அது அந்த ரகம்தான் என்று முதலிலேயே சந்தேகப்படலாம்.

மொழியை மட்டும் மாற்ற, அமைப்புகளுக்குள் 语言 என்ற சொல்லைத் தேடுங்கள். அது மொழி. 地区 என்றால் பிரதேசம், அதைத் தொட வேண்டாம். மொழியை ஆங்கிலமாக்கினாலும் கெமராவின் உட்பக்கங்கள் சீனத்திலேயே நிற்கலாம். தங்கச்சியின் போனில் அப்படித்தான் நின்றது. முழுவதையும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஒரு துண்டில் சில சொற்களை எழுதிப் போன் கவரில் வைத்துக் கொடுத்தேன். 灵敏度 என்றால் உணர்திறன். 高 கூட, 中 நடுத்தரம், 低 குறைவு. 确定 சரி, 取消 வேண்டாம், 删除 அழி. 时区 நேர வலயம். 共享 அல்லது 分享 பகிர்தல். பாலர் வகுப்புப் பிள்ளை படத்தைப் பார்த்துச் சொல்லைப் பிடிப்பது போலத்தான், வடிவத்தைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளலாம். இரண்டு நாளில் அவளுக்குத் துண்டு தேவைப்படவில்லை.

இரண்டரை மணித்தியாலம்

உறக்கத்தை எடுத்துவிட்டு, எச்சரிக்கைப் பக்கத்தில் இரவு 8 மணியில் இருந்து காலை 6 மணி வரை என்று போட்டோம். அன்று இரவு 9 மணிக்குக் கை தட்டிப் பார்த்தால் போன் அசையவில்லை. 11 மணிக்குத் தட்டிப் பார்த்தால் உடனே அடிக்கிறது.

படத்தின் மூலையில் கெமரா போடும் மணியைப் பார்த்தேன். சுவர் மணிக்கூட்டில் 11.05, படத்தில் 8.35. சரியாக இரண்டரை மணித்தியாலம் பின்னால். மச்சான் தோஹாவில் போட்டுப் பார்த்தபோது கெமரா கட்டார் நேரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஊருக்கு வந்திருக்கிறது. கட்டாரும் சவூதியும் GMT+03:00. நாம் GMT+05:30. நாம் 8 மணி என்று போட்டதைக் கெமரா தோஹாவின் 8 மணி என்று எடுத்து, நமக்கு 10.30 ஆகும்போதுதான் வேலையைத் தொடங்கியது.

சீன நேரத்தில் நிற்கும் கெமராவில் இதே தூரம் மறுபக்கம் வரும். சீனா GMT+08:00, நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால். அதில் இரவு 8 என்று போட்டால் நமது பின்னேரம் 5.30க்கே தொடங்கிவிடும், காலை 6 என்று போட்டால் சுபஹுக்கு முன் 3.30க்கே நின்றுவிடும். விடியற்காலைப் பசி அழுகைதான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வழக்கம். அந்த நேரத்தில் கெமரா வேலையை முடித்திருக்கும். துபாயில் இருந்து வந்ததென்றால் வித்தியாசம் ஒன்றரை மணித்தியாலம்.

இதற்குச் சீனம் படிக்கத் தேவையில்லை. படத்தின் மூலையில் உள்ள மணியையும் சுவர் மணிக்கூட்டையும் ஒப்பிட்டாலே போதும். வித்தியாசம் இருந்தால் 时区 பக்கத்தில் GMT+05:30 ஐத் தேடி, கொழும்பு இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கள். அரை மணித்தியால நேர வலயத்தைச் சில பட்டியல்களில் இந்திய நகரத்தின் பெயரில்தான் காணலாம். நேரம் ஒன்றுதான், அதையும் தெரிவு செய்யலாம். கெமராவைக் கழற்றித் திரும்பப் போட்டால் ஒருமுறை மணியைச் சரிபாருங்கள்.

எத்தனை தடவை அடிக்க வேண்டும்

நேரம் சரியானதும் அடுத்த பிரச்சினை. இப்போது போன் நிற்காமல் அடிக்கத் தொடங்கியது. உணர்திறன் 高 இல் இருந்தது. முதலாம் இரவு 31 எச்சரிக்கை. தங்கச்சி போனை மௌனத்தில் போட்டுவிட்டுத் தூங்கினாள். அடிக்காத போனும், மௌனத்தில் போட்ட போனும் ஒன்றுதான்.

காலையில் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டு வீடியோவையும் பார்த்து, பழைய கொப்பி ஒன்றில் காரணத்தை எழுதினோம். 31இல் பிள்ளை முழித்தது 3 தடவை. மிச்சத்தில் பெரும்பகுதி நுளம்பு வலை. ஃபேன் காற்றுக்கு வலை ஆடுகிறது, கெமரா அதை அசைவு என்கிறது. சில, பல்லியும் லென்ஸுக்கு முன்னால் பறந்த பூச்சியும். இரண்டு தடவை உம்மா லைட் போட்டது.

இந்தக் கெமராவுக்குப் பிள்ளை என்றால் என்னவென்று பெரும்பாலும் தெரியாது. ஒரு படத்தையும் அடுத்த படத்தையும் ஒப்பிட்டு எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கிறது. மாறிய அளவு ஒரு கோட்டைத் தாண்டினால் அடிக்கும். உணர்திறனைக் கூட்டுவது என்றால் அந்தக் கோட்டைக் கீழே இறக்குவது. அதனால்தான் 高 போட்டால் வலை ஆடினாலும் அடிக்கும். இருட்டில் கெமரா கண்ணுக்குத் தெரியாத சிவப்புக் கதிரால் பார்க்கிறது. லைட் போட்டவுடன் கறுப்பு வெள்ளைப் படம் நிறப்படமாக மாறும். படம் முழுவதும் மாறுவதால் அதுவும் அசைவுதான்.

வெறும் தொல்லை என்று இதை விட முடியாது. இப்படியான எப்களில் ஒரு எச்சரிக்கைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி உண்டு. 3 நிமிடம், 5 நிமிடம், 10 நிமிடம் என்று போடலாம். 2 மணிக்கு வலை ஆடி ஒருமுறை அடித்தது என்று வையுங்கள். 2.01க்குப் பிள்ளை அழுதால், இடைவெளி 10 நிமிடம் என்றால், 2.10 வரை போன் வாய் திறக்காது. பொய் எச்சரிக்கை உண்மை எச்சரிக்கையின் இடத்தைச் சாப்பிட்டுவிடுகிறது. அதனால் இடைவெளியை இருப்பதில் குறைந்ததற்குப் போட்டுவிட்டு, பொய்யை வேறு வழியில் குறைக்க வேண்டும்.

நாங்கள் ஒரு இரவுக்கு ஒரு மாற்றம் என்று போனோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. இரண்டாம் இரவு, கெமரா பார்க்கும் பரப்பில் பிள்ளை கிடக்கும் இடத்தை மட்டும் கட்டம் போட்டுத் தெரிவு செய்தோம். வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் சொருகினோம். 31 ஆக இருந்தது 12 ஆகியது. மூன்றாம் இரவு அசைவு உணர்திறனை 低 ஆக்கி, சத்தத்தை 中 இல் விட்டோம். 6 தடவை அடித்தது, 4 தடவை பிள்ளை முழித்தது. ஒரு தடவை சுபஹ் பாங்கு, ஒரு தடவை தகரத்தில் மழை. அதோடு நிறுத்திக்கொண்டோம். அதற்கு மேல் குறைத்தால் சிணுங்கலையும் இழந்துவிடுவோம். போன் அடித்தால் பெரும்பாலும் பிள்ளைதான் என்ற நிலை வந்ததும் அவள் போனை மௌனத்தில் போடுவதை நிறுத்திவிட்டாள்.

பகல் கதை வேறு. பகலில் பிள்ளை ஏணையில். ஏணை ஆடும்வரை அசைவு எச்சரிக்கையால் பயன் இல்லை. பகலுக்கு அசைவை முற்றாக நிறுத்திச் சத்தத்தை மட்டும் வைத்தோம். சத்தம் 高 இல் இருந்தால் தையல் மெசின் சத்தமே கதவைத் தாண்டிப் போய் எச்சரிக்கையாகத் திரும்பி வரும். 中 இல் வைத்து, மெசினை ஓட்டிக்கொண்டே உம்மாவைப் பிள்ளைக்குப் பக்கத்தில் பேசச் சொல்லிப் பார்த்தோம். மெசினுக்கு அடிக்கவில்லை, உரத்த குரலுக்கு அடித்தது. சில எப்களில் அழுகையை மட்டும் பிரித்து அறியும் வசதி உண்டு. இருந்தால் அதைப் போடலாம். ஆனால் பிள்ளை உண்மையில் அழும்போது அது பிடிக்கிறதா என்று இரண்டு மூன்று நாள் பக்கத்தில் இருந்தே பார்த்த பிறகு நம்புங்கள்.

கெமராவை வைக்கும் இடமும் முக்கியம். வலைக்கு நேர் எதிரே வைத்தால் இரவில் அதன் கதிர் வலையில் பட்டுத் திரும்பி, படம் வெள்ளைப் படலமாகிவிடும். உயரத்தில், பக்கவாட்டில் இருந்து சரித்து வைத்தால் குறையும். வயர் பிள்ளைக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். கட்டிலில் இருந்தும், ஏணை ஆடி வரும் எல்லையில் இருந்தும் குறைந்தது 3 அடி. அமெரிக்காவில் 2011இல் ஒரு கம்பனியின் குழந்தைக் கெமராக்கள் சுமார் 17 இலட்சத்தின் வயர்கள் பற்றி எச்சரிக்க வேண்டி வந்தது. தொட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த வயர் கழுத்தில் சுற்றி இரண்டு குழந்தைகள் இறந்திருந்தன. நாம் ஏணையைக் கட்டும் வளைக்குப் பக்கத்துச் சுவரில்தான் பெரும்பாலும் பிளக்கும் இருக்கும். கவனியுங்கள்.

போன் அமைதியாக இருந்தால்

அழுகை போனுக்கு வரும் வழியை ஒருமுறை யோசியுங்கள். கெமராவில் இருந்து ரவுட்டருக்கு, அங்கிருந்து வெளிநாட்டுச் சேர்வருக்கு, அங்கிருந்து திரும்பி விறாந்தையில் இருக்கும் போனுக்கு. கரண்ட் போனால் வழி அறுந்தது. டேட்டா முடிந்தால் அறுந்தது. போன் பெற்றரியைச் சேமிக்க எப்பைத் தூங்கவைத்தாலும் அறுந்தது. கடைசியாகச் சொன்னதற்குப் போனின் அமைப்புகளில் அந்த எப்புக்குப் பெற்றரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட வேண்டும். மற்ற இரண்டுக்கும் எப்பில் மருந்தில்லை.

அறுந்தால் போன் எப்படி இருக்கும்? அமைதியாக இருக்கும். பிள்ளை தூங்கும்போதும் அதே அமைதிதான். அதனால் தங்கச்சி வீட்டில் ஒரு விதி போட்டோம். மெசினை நிறுத்தினால் பிள்ளையின் குரல் கேட்கும் தூரத்துக்கு அப்பால் போவதென்றால் கெமரா கணக்கில் இல்லை, ஒரு மனிதர் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கெமராவை நம்பிக் கடைக்குப் போவது, பக்கத்து வீட்டுக்குப் போவது கூடாது. இந்தக் கெமரா பிள்ளையின் மூச்சையும் பார்ப்பதில்லை. பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைப்பதும், முகத்துக்குப் பக்கத்தில் தலையணை, துணி இல்லாமல் பார்ப்பதும் நமது வேலை.

யார் பார்க்கிறார்கள்

கடைசி விசயம், என் மனசில் முதலாவது.

மச்சான் கெமராவைத் தன் கணக்கில்தான் பதிந்திருந்தார். தங்கச்சியும் அதே பெயர், அதே பாஸ்வேர்டில் உள்ளே போகிறாள். பாஸ்வேர்ட் வட்ஸ்அப்பில் வந்தது. மாமி வீட்டுக்கும் கொடுத்தார்கள், அவர்களும் பேரப்பிள்ளையைப் பார்க்க வேண்டுமே. மாமி வீட்டில் போன் யாருடைய கையில் இருக்கும்? மச்சானின் தம்பிமார் கையில்.

தங்கச்சி அந்த அறையில்தான் பால் கொடுக்கிறாள். அங்குதான் தலையில் துணி இல்லாமல் இருக்கிறாள். மச்சான் பார்ப்பதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. ஆனால் அவர் இருக்கும் அறையில் ஆறு பேர் தங்கியிருக்கிறார்கள், அவருடைய போன் கட்டில் மேல் கிடக்கும். நான் தம்பிக்குப் போன் எடுத்து நேரே சொன்னேன். அவருக்கு அது மனசில் படவே இல்லை. "ராத்தா, நான் புள்ளையத்தான் பாத்தன், இதெல்லாம் யோசிக்கவே இல்ல. நீங்க எப்படிச் சொன்னாலும் செய்யிறன்" என்றார்.

செய்தது இதுதான். முதலில் அவர் தன் எப்பில் கெமராவை அழித்தார். இது தேவை, ஏனென்றால் பல கம்பனிகளின் கெமராக்கள் முதலில் பதிந்த கணக்கை விடாது. கெமராவின் பின்னால் உள்ள துவாரத்தில் ஊசி வைத்து அழுத்தினாலும், பழைய கணக்குக்காரர் அழிக்கும்வரை புதியவரைச் சேர்க்காத ரகங்கள் உண்டு. பாவித்த கெமரா வாங்குபவர்களும் விற்பவர்களும் இதை ஞாபகம் வையுங்கள். பிறகு தங்கச்சி தன் பெயரில் புதிய கணக்குத் திறந்து, வேறெங்கும் பாவிக்காத பாஸ்வேர்ட் போட்டு, கெமராவைப் பதிந்தாள். பிறகு 共享 பக்கத்தில் மச்சானின் கணக்குக்கு மட்டும் அழைப்பு அனுப்பினாள். அனுமதி கேட்கும்போது பார்க்க மட்டும் என்பதைத் தெரிவு செய்தாள். அவர் பார்க்கலாம், அமைப்புகளை மாற்ற முடியாது. பகிர்ந்தவர் பெயர் பட்டியலில் தெரியும், வேண்டாம் என்றால் ஒரு தட்டில் எடுத்துவிடலாம். பாஸ்வேர்டைக் கொடுத்தால் அது யார் யாரிடம் போனது என்று யாருக்கும் தெரியாது. மாமிக்குத் தினமும் இரண்டு வீடியோ வட்ஸ்அப்பில் போகிறது. அவருக்கும் அதுவே சந்தோசம்.

பாஸ்வேர்ட் பலமாக இருந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். 2012 ஜனவரியில் அமெரிக்காவின் டிரெண்ட்நெட் கம்பனியின் கெமராக்கள் சுமார் 700இன் நேரடிக் காட்சிகள் இணையத்தில் வெளியாகின. தொட்டிலில் தூங்கும் குழந்தைகளும் அவற்றில் இருந்தன. பாஸ்வேர்ட் போட்டிருந்தும் அதைக் கேட்காமலே காட்சியைக் கொடுக்கும் ஓட்டை கெமராவின் மென்பொருளிலேயே இருந்தது. 2013 செப்டெம்பரில் அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு அந்தக் கம்பனி மீது நடவடிக்கை எடுத்தது. நாம் செய்யக்கூடியது இரண்டு. எப் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று சொன்னால் தள்ளிப் போடாமல் ஏற்றுவது ஒன்று. மற்றது அதைவிடப் பெரியது: கெமரா பார்க்காததை யாரும் திருட முடியாது.

அதனால் கெமராவைத் திருப்பி, பிள்ளையின் படுக்கையும் ஏணையும் மட்டும் தெரியும்படி வைத்தோம். தாய் உட்காரும் மூலையும் அலமாரிக் கண்ணாடியும் படத்தில் இல்லை. கண்ணாடியை மறக்காதீர்கள், அது முழு அறையையும் காட்டிவிடும். பால் கொடுக்கும்போது, உடுப்பு மாற்றும்போது தங்கச்சி எப்பில் 休眠 ஐ அழுத்துகிறாள். ஒரு வாரம் அவளை ஏமாற்றிய அதே சொல் இப்போது அவளுக்குத் திரை. முடிந்ததும் திரும்ப எழுப்ப வேண்டும். மறந்துவிடாமல் இருக்க, பிள்ளையைப் படுக்கவைத்ததும் ஒருமுறை கை தட்டிவிட்டுத்தான் மெசினுக்குப் போகிறாள். போன் அடித்தால் தையல் தொடங்கும்.

கெமரா வைத்திருக்கும் வாப்பாமாருக்கும் உம்மாமாருக்கும் இதை அனுப்பிவிடுங்கள். சீன எழுத்து புரியாவிட்டால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு இன்பொக்ஸில் போடுங்கள், பாடசாலை விட்டு வந்து பார்க்கிறேன். அறை தெரியும் படத்தை மட்டும் அனுப்பிவிட வேண்டாம்.